புதிய ரவுட்டரும் 2013-ஆம் ஆண்டு மடிக்கணினியும்: ஒரு வீட்டில் அளந்து பார்த்த நிகழ்வு

பின்னணி

திருச்சியில், தரைத்தளமும் மாடியும் கொண்ட ஒரு சொந்த வீடு. ஓய்வு பெற்ற பெரியவர், அவருடைய மனைவி, வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்கும் மகள், கல்லூரியில் படிக்கும் மகன் ஆகிய நால்வர் அங்கே வசிக்கிறார்கள். விநாடிக்கு 200 மெகாபிட் வேகத்துக்கான ஃபைபர் இணைப்புக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறார்கள். இணைப்பைக் கொடுத்த நிறுவனம் கூடவே மாட்டிவிட்டுப் போன பெட்டி, அதாவது கண்ணாடி இழையை வாங்கிக்கொண்டு வைஃபையையும் தரும் ஓ.என்.டி., கூடத்து அலமாரியின் மேல் தட்டில் இருந்தது. அந்தப் பெட்டியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே உண்டு. அதன் வைஃபை, இன்று வைஃபை 4 என்று அழைக்கப்படும் தலைமுறையைச் சேர்ந்தது.

பெரியவரின் குறை எளிமையானது. பகலில் ஒழுங்காக வேலை செய்யும் தமது மடிக்கணினி, இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு வங்கிப் பக்கத்தைத் திறக்கவும் திணறுகிறது என்றார். வைஃபை 6 ரவுட்டர் ஒன்றை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று மகன் சொல்லியிருந்தான். "தம்பி, அவன் போன் புதுசு, அதுக்குச் சரி. என் பழைய லேப்டாப்புக்கும் அம்மா போனுக்கும் அதனால ஏதாவது உண்டா?" என்பதுதான் அவர் என்னிடம் கேட்ட கேள்வி. வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் வலையமைப்பு அமைத்துத் தருவது என் தொழில். இந்தக் கேள்வியை வாரத்துக்கு ஒருமுறையாவது எதிர்கொள்கிறேன். ஆனால் வாங்குவதற்கு முன்னும் பின்னும் அளந்து பார்க்கப் பொறுமையுள்ள வீடு அமைவது அரிது என்பதால் இதைப் பதிந்து வைத்தேன்.

வாங்குவதற்கு முன் கண்டவை

முதலில் கருவிகளுக்கு என்ன தெரியும் என்று பார்த்தோம். பெரியவரின் விண்டோஸ் மடிக்கணினி 2013-இல் வாங்கியது. அதில் கட்டளைத் திரையைத் திறந்து இதைக் கொடுத்தேன்:

```
netsh wlan show drivers
```

வந்த பதிலில் கவனிக்க வேண்டிய வரி ஒன்றுதான்:

```
Radio types supported     : 802.11b 802.11g 802.11n
```

இந்த வரியில் `802.11a` இல்லை என்பதே இங்கே செய்தி. வைஃபை 4-இன் தரமான 802.11n இரண்டு அலைவரிசைகளிலும் இயங்கக்கூடியது. ஆகவே அது இருப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 5 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் கார்டாக இருந்தால் அந்த அலைவரிசையின் பழைய தரமான 802.11a-யும் பட்டியலில் இருக்கும். அது இல்லாததால், எந்த ரவுட்டரை வாங்கினாலும் இந்த மடிக்கணினி 2.4 கிகாஹெர்ட்ஸை விட்டு நகராது என்பது அப்போதே உறுதியாயிற்று. அடுத்த கட்டளையான `netsh wlan show interfaces` இணைப்பு வேகத்தை விநாடிக்கு 72.2 மெகாபிட் என்று காட்டியது. ஒரே ஆன்டெனா கொண்ட வைஃபை 4 கார்டு, 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள தடத்தில் எட்டக்கூடிய உச்சம் அதுவே. கார்டு தன்னால் இயன்றதை முழுமையாகச் செய்துகொண்டிருந்தது, சிக்னலிலும் குறையில்லை.

அம்மாவின் 2017-ஆம் ஆண்டுக் கைபேசியும் 2.4 மட்டுமே. மகளின் 2016-ஆம் ஆண்டு மடிக்கணினி வைஃபை 5 தலைமுறை; 5 கிகாஹெர்ட்ஸ் தெரிந்தும், அதைத் தரும் பெட்டி வீட்டில் இல்லாததால் 2.4-இலேயே இருந்தது. மாடியிலிருந்த டிவிக்கும் அதே நிலை. மகனின் கைபேசி மட்டும் வைஃபை 6.

பிறகு வேகத்தை அளந்தேன். இணையத்தின் ஏற்ற இறக்கம் கலந்துவிடக் கூடாது என்பதற்காக, என் மடிக்கணினியைக் கேபிள் வழியே ஓ.என்.டி.யில் செருகி, அதிலிருந்து பெரியவரின் மடிக்கணினிக்கு வீட்டுக்குள்ளேயே தரவை அனுப்பிப் பார்த்தேன். என் மடிக்கணினியின் முகவரியை வைத்து, அவருடைய மடிக்கணினியில் கொடுத்த கட்டளை இது:

```
iperf3 -c 192.168.1.20 -R -t 30
```

மற்றக் கருவிகளையெல்லாம் நிறுத்திவிட்டுப் பார்த்தபோது விநாடிக்கு 38 மெகாபிட் கிடைத்தது. திரையில் 72 என்று இருந்தாலும் ஒப்புகைகளுக்கும் காத்திருப்புக்கும் போக ஏறத்தாழ பாதிதான் கையில் கிடைக்கும். ஆகவே இதில் வியப்பில்லை. இரவு எட்டரைக்கு, மாடியில் டிவி ஓட, மகள் அலுவலகக் காணொளிக் கூட்டத்தில் இருக்க, மகன் கைபேசியில் விளையாட, அதே சோதனையில் 9 முதல் 12 வரைதான் வந்தது. அம்மாவின் காணொளி அழைப்பு இந்த நேரத்தில் இடையிடையே உறைந்து நின்றது.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதை ஓ.என்.டி.யின் நிர்வாகப் பக்கமே காட்டியது. மாடி டிவியின் இணைப்பு வேகம் அதில் 26 என்று இருந்தது. கான்கிரீட் தளத்தைத் தாண்டி வரும் பலவீனமான சிக்னலில் டிவியால் அவ்வளவுதான் முடிந்தது. வைஃபையில் ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மெதுவாகப் பேசுபவர் அதே செய்தியைச் சொல்லி முடிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்கிறார். 72-இல் இருக்கும் மடிக்கணினியோடு ஒப்பிட்டால், 26-இல் இருக்கும் டிவி அதே அளவு தரவுக்குக் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மடங்கு நேரம் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டிவி கேட்பது விநாடிக்கு 6 மெகாபிட்தான் என்றாலும், அந்த இணைப்பில் உண்மையில் போகக்கூடியது 13 அளவுக்கே என்பதால், தடத்தின் பாதி நேரம் அதற்கே சரியாகிவிடுகிறது. மிச்சமுள்ள பாதியை வீட்டிலுள்ள மற்ற நான்கு கருவிகளும், இந்தப் பெட்டி இயங்கிய அதே ஆறாம் தடத்தில் இருந்த அக்கம்பக்கத்து வைஃபைகளும் பங்கு போட்டுக்கொண்டன. பெரியவரின் மடிக்கணினி பழையது என்பதற்காக மெதுவாக இல்லை. அதற்கு முறை வருவதுதான் அரிதாக இருந்தது.

எடுத்த முடிவும் காரணமும்

இரண்டு அலைவரிசை கொண்ட வைஃபை 6 ரவுட்டர் ஒன்றை 5,200 ரூபாய்க்கு வாங்கினோம். பழைய கருவிகளை மட்டும் கருதியிருந்தால் வைஃபை 5 ரவுட்டரே போதும் என்று நான் வெளிப்படையாகச் சொன்னேன். வைஃபை 6-இன் தனிச் சிறப்புகள், ஒரே தவணையில் பல கருவிகளுக்கும் தரவைப் பங்கிட்டு அனுப்புவது போன்றவை, எதிர்முனையில் இருக்கும் கருவியும் வைஃபை 6-ஆக இருந்தால்தான் செயல்படும். 2013-ஆம் ஆண்டுக் கார்டுக்கு அந்த மொழியே தெரியாது. ஆயினும் மகனின் கைபேசி இருக்கிறது, அடுத்து வாங்கும் எதுவும் வைஃபை 6-ஆகவோ அதற்கு மேலாகவோ இருக்கும் என்பதால் அவர்கள் அதையே விரும்பினார்கள். அது நியாயமான விருப்பம்தான். பெரியவரின் கேள்விக்கான விடை என்று மட்டும் அதைச் சொல்லிவிட முடியாது.

வேண்டுமென்றே இரண்டு விஷயங்களை மாற்றாமல் வைத்தோம். புதிய ரவுட்டரை மாடிப்படி அருகே வைத்தால் மாடிக்கு நல்லது என்று தெரிந்தும், பழைய பெட்டி இருந்த அதே அலமாரித் தட்டில் வைத்தோம். இடம் மாறினால், வந்த பலன் ரவுட்டரால் வந்ததா இடத்தால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. தடத்தையும் ஆறிலேயே நிறுத்தினோம். ஓ.என்.டி.யின் வைஃபையை மட்டும் அணைத்துவிட்டோம். அதை விட்டுவைத்திருந்தால் அதுவும் அருகிலேயே ஒரு போட்டியாளராக இருந்திருக்கும்.

முதல் மாலை

முதலில் ஒரு சிறு சறுக்கல். மகனின் கைபேசியில் வேகச் சோதனை எத்தனை முறை செய்தும் 94-ஐத் தாண்டவில்லை. இந்த எண் எனக்குப் பழக்கமானது: வழியில் எங்கோ 100 மெகாபிட் கேபிள் முனை ஒன்று இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். ஓ.என்.டி.யின் நான்கு முனைகளில் ஒன்று மட்டுமே ஜிகாபிட். நான் அவசரத்தில் பக்கத்து முனையில் செருகியிருந்தேன். மாற்றிச் செருகியதும் 190-ஐத் தொட்டது.

பெரியவரின் மடிக்கணினியைத் தனியாக அளந்தபோது 39 வந்தது. முன்பு 38, அளவுப் பிழைக்குள் அடங்கும் வித்தியாசம். இணைப்பு வேகம் அதே 72.2. இதுவரை எதிர்பார்த்ததுதான். ஆனால் இரவு எட்டரைக்கு எல்லோரும் வந்த பிறகு அளந்தபோது 13 முதல் 15 வரைதான் வந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. ரவுட்டர் வந்த அட்டைப்பெட்டியை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார்.

காரணம் நான் செய்த ஒரு வசதியிலேயே இருந்தது. கடவுச்சொல்லை ஒவ்வொரு கருவியிலும் மறுபடி தட்டச்ச வேண்டாமே என்று, பழைய வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே புதிய ரவுட்டருக்கும் கொடுத்து, இரண்டு அலைவரிசைகளையும் அந்த ஒரே பெயரின் கீழ் விட்டிருந்தேன். எதில் சேர்வது என்பதைக் கருவிகள் தாமே தீர்மானித்தன. மாடி டிவியும் மகனின் கைபேசியும், அங்கே வலுவாகத் தெரிந்த 2.4-ஐயே பிடித்துக்கொண்டன. பெட்டி புதிது, நெரிசல் பழையது.

தவறுதான் என்றாலும் இந்த நிகழ்வில் மிகவும் பயன்பட்ட அளவு அதுவே. இணைந்திருந்த கருவிகள் எல்லாம் 2.4-இலேயே இருக்கும்போது, ரவுட்டரின் புதுமை மட்டும் பழைய மடிக்கணினிக்குக் கொடுத்தது விநாடிக்கு மூன்று நான்கு மெகாபிட்தான். அதுவும்கூட, புதிய ரவுட்டரின் கூடுதல் ஆன்டெனாக்களால் டிவியின் இணைப்பு 26-இலிருந்து 39-க்கு உயர்ந்து, அது காற்றைப் பிடித்திருக்கும் நேரம் குறைந்ததால் வந்திருக்க வேண்டும். மடிக்கணினியின் இணைப்பு எண் மாறவேயில்லை.

பெயரைப் பிரித்த பிறகு

மறுநாள் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப்பெயர் கொடுத்தோம். அது மட்டும் போதாது. டிவி, மகனின் கைபேசி ஆகியவற்றின் நினைவிலிருந்து பழைய பெயரை அழித்தோம். இல்லாவிட்டால் மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு முறையும் அவை பழைய இடத்துக்கே திரும்பும். 5 கிகாஹெர்ட்ஸ் கான்கிரீட்டைத் துளைத்துப் போவதில் பலவீனமானது என்பது உண்மை. ஆயினும் நேர் மேலே ஒரே தளம்தான் என்பதாலும், அங்கே தடம் 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் என்பதாலும், சுமாரான சிக்னலிலும் டிவிக்கு 117 கிடைத்தது.

மகளின் மடிக்கணினியிடம் வந்தபோது புதிய சிக்கல் எழுந்தது. அதன் பட்டியலில் பக்கத்து வீட்டு வைஃபைகள் எல்லாம் தெரிந்தன. இந்த வீட்டின் இரண்டு பெயர்களில் ஒன்றும் தெரியவில்லை. முந்தைய மாலை அவர் கைபேசி வழியே கூட்டத்தில் கலந்துகொண்டதால் அன்று இது கவனத்துக்கு வரவில்லை. ரவுட்டர் தன் இருப்பை அறிவிக்கும் செய்தியில் வைஃபை 6 பற்றிய கூடுதல் விவரங்கள் இருக்கும். தெரியாத விவரத்தைக் கருவி தாண்டிச் செல்ல வேண்டும்; வைஃபை கார்டை இயக்கும் சில பழைய டிரைவர் மென்பொருள்கள் அப்படிச் செய்யாமல் அந்த அறிவிப்பு முழுவதையும் ஒதுக்கிவிடுகின்றன. இதுதானா என்று உறுதி செய்ய எளிய வழி உண்டு: ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் வைஃபை 6-இன் தரமான 802.11ax-ஐ அணைத்தேன், அரை நிமிடத்தில் இரண்டு பெயர்களும் பட்டியலில் வந்துவிட்டன. அப்படியே விட்டிருந்தால் வைஃபை 6-க்குக் கொடுத்த பணம் வீண் என்பதால், மடிக்கணினியைக் கேபிளில் இணைத்து, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிய வைஃபை டிரைவரை நிறுவி, 802.11ax-ஐ மறுபடி இயக்கினேன். பிறகு பெயர்கள் மறையவில்லை.

அம்மாவின் கைபேசி பெயரைப் பார்த்தது, ஆனால் உள்ளே வர மறுத்தது. "சேமிக்கப்பட்டது" என்று காட்டும், மறுபடி முயலும், மறுபடி அதே இடத்துக்கு வரும். கடவுச்சொல் சரி. ரவுட்டர் தொடக்கத்திலிருந்தே WPA2, WPA3 என்ற பழைய, புதிய பாதுகாப்பு முறைகள் இரண்டையும் கலந்து ஏற்கும் நிலையில் இருந்தது. பழைய கைபேசிகள் சிலவற்றுக்கு அந்தக் கலவை ஒத்துவருவதில்லை. 2.4-இன் பெயருக்கு மட்டும் WPA2 என்று மாற்றியதும் இணைந்தது. 5 கிகாஹெர்ட்ஸை அந்தக் கலப்பு நிலையிலேயே விட்டோம்.

இத்தனைக்கும் பிறகு அன்றிரவு எட்டரைக்கு, அதே ஆட்கள் அதே வேலைகளில் இருக்கும்போது, பெரியவரின் மடிக்கணினியில் 31 முதல் 34 வரை வந்தது. அம்மாவின் காணொளி அழைப்பு அரை மணி நேரம் உறையாமல் ஓடியது. 2.4-இல் இப்போது இருப்பவை அந்த இரண்டு பழைய கருவிகள் மட்டுமே. எஞ்சிய சிறு குறைவு அம்மாவின் கைபேசிக்கும் அக்கம்பக்கத்து வைஃபைகளுக்கும் உரியது. அதை எந்த ரவுட்டராலும் முழுமையாக நீக்க முடியாது.

மூன்று வாரங்களுக்குப் பின்

பெரியவருக்கு ஆர்வம் பிறந்துவிட்டது. தம் மடிக்கணினியும் 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போக வழியுண்டா என்று கேட்டார். யூ.எஸ்.பி.யில் செருகும், இரண்டு அலைவரிசை கொண்ட வைஃபை 5 டாங்கிள் ஒன்றை 850 ரூபாய்க்கு வாங்கினார். இணைப்பு வேகம் 433 என்று காட்டியது. அதே சோதனையில் 150 அளவுக்கு வந்தது. பழைய மடிக்கணினியின் இணைப்பிலேயே வந்த உண்மையான வேக உயர்வு இது ஒன்றுதான். அது ரவுட்டரால் மட்டும் வரவில்லை. அதே சமயம், பழைய ஓ.என்.டி. மட்டும் இருந்திருந்தால் இந்த டாங்கிளுக்கும் சேர்வதற்கு 5 கிகாஹெர்ட்ஸ் இருந்திருக்காது.

ஆனால் வங்கிப் பக்கம் திறக்க 33-இல் எவ்வளவு நேரமானதோ 150-இலும் ஏறக்குறைய அவ்வளவே ஆனது. அந்தக் கட்டத்தில் தாமதம் காற்றில் இல்லை. நான்கு ஜிபி நினைவகத்திலும், சுழலும் வன்தட்டிலும் இருந்தது. பேரப்பிள்ளைகளின் படங்களை மொத்தமாக இறக்கும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது என்றார். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் டாங்கிள் கையில் இடிக்கிறது என்று, மற்ற நேரங்களில் அதைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிடுகிறார்.

மீண்டும் செய்வதானால்

கருவிகளின் பட்டியலையும் அவற்றின் இணைப்பு வேகங்களையும் முதலில் எடுத்தது சரியான வரிசையே. அதை மாற்ற மாட்டேன். தொடக்கத்திலேயே இரண்டு பெயர்கள் வைத்திருப்பேன். பழைய பெயரை 2.4-க்கு மட்டும் கொடுத்துவிட்டு, புதிய கருவிகளில் அதை அழித்திருந்தால் முதல் மாலை வீணாகியிருக்காது. ஐந்தாண்டுக்கு மேற்பட்ட எந்த விண்டோஸ் மடிக்கணினிக்கும், புதிய ரவுட்டரை மாட்டுவதற்கு முன்பே, பழைய இணைப்பு இருக்கும்போதே, வைஃபை டிரைவரைப் புதுப்பித்துவிடுவேன். இணைப்பு போன பிறகு டிரைவரைத் தேடுவது, கிணற்றில் வாளி விழுந்த பிறகு கயிறு தேடும் வேலை.

முக்கியமான மாற்றம் வேறு. பணம் செலவழிக்கும் முன் ஓர் இரவு, மாடி டிவியை மட்டும் அரை மணி நேரம் அணைத்துவிட்டு அந்த 9-க்கும் 12-க்கும் என்ன ஆகிறது என்று பார்த்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. 26 என்ற எண்ணைக் கண்ட அன்றே, கூடத்திலிருந்து மாடிப்படி வழியாக டிவிக்கு ஒரு கேபிள் இழுக்கலாம் என்று தோன்றியிருக்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால், பழைய ஓ.என்.டி.யை வைத்துக்கொண்டே, ரவுட்டர் விலையில் சிறு பங்குக்கு, பெரியவரின் குறையில் பெரும்பகுதி தீர்ந்திருக்கும். மகளின் மடிக்கணினிக்கும் மகனின் கைபேசிக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் வேண்டியிருந்ததால் ரவுட்டர் எப்படியும் தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் அது அவர்களுடைய தேவையாக, அடுத்த மாதச் செலவாக இருந்திருக்கும். இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, கைப்பிடிச் சுவரை ஒட்டிப் பதினைந்து மீட்டர் கேபிளை இழுத்து டிவியில் செருகிவிட்டோம்.